தாளில்லாமல் பத்து நிமிடம்: ஒரு பேச்சை மனதில் ஏற்றிய பதினெட்டு நாள்

எங்கள் ஊர் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். தலைப்பு நானே எடுத்துக்கொண்டதுதான்: உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதை. கையில் பதினெட்டு நாள் இருந்தது. தாளைப் பார்க்காமல் பேசவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அது நானே இழுத்துவிட்டுக்கொண்ட வேலை. போன வருடம் இதே வட்டத்தில் நான்கு பக்கத்தைத் தலைகுனிந்து வாசித்தேன், இரண்டாவது பக்கம் திருப்பும்போதே பின்வரிசையில் செல்போன் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. இந்த முறை அது வேண்டாம் என்று இருந்தது, அவ்வளவுதான்.

முதல் ஐந்து நாள் முழுக்க வீண். ஆனால் எதனால் வீணானது என்பதில்தான் விஷயம் இருக்கிறது, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உட்கார்ந்து பேச்சை எழுதினேன். நன்றாகவே வந்தது என்று நினைத்தேன். நான் பேசுவதை ஒரு நிமிடம் பதிவு செய்து எண்ணிப் பார்த்ததில் தொண்ணூறு சொல் அளவுக்கு வந்தது, ஆகவே தொள்ளாயிரம் சொல்லில் நிறுத்திக்கொண்டேன். அப்புறம் காலையில் ஐந்து தடவை, ராத்திரி ஐந்து தடவை என்று மேலிருந்து கீழே வாசித்தேன். நான்காம் நாள் இரவு தாளை வாசித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த வரி என்ன என்று கண் போவதற்கு முன்பே தெரிந்தது. ஆகா, ஏறிவிட்டது என்று படுத்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் மனைவியிடம் தாளைக் கொடுத்து உட்கார வைத்து, கூடத்தில் நின்றுகொண்டு ஆரம்பித்தேன். முதல் பத்தி கடகடவென்று போனது. இரண்டாம் பத்தியில் "ஆகையால்" என்று எழுதியிருந்ததை "அதனால்" என்று சொல்லிவிட்டேன். பொருள் ஒன்றுதான், ஆனால் அடுத்த சொல் வரவில்லை. "ஆகையால்" என்ற ஒலிக்குப் பின்னால்தான் அந்த வரி முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது போல. மறுபடி பத்தியின் தலையிலிருந்து தொடங்கினேன், தாண்டினேன். மூன்றாம் பத்தி நடுவில் ஒன்பது வயது மகள் உள்ளே வந்து, "அப்பா, சார்ஜர் எங்க?" என்றாள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பினால் எல்லாம் போய்விட்டது. மனைவி தாளை மடித்து வைத்துவிட்டு, "ஏங்க, நீங்க பேசுற மாதிரியே இல்ல. ஸ்கூல்ல பசங்க ஒப்பிக்கிற மாதிரி இருக்கு. ஒரு ராகம் வேற வருது" என்றாள்.

ராகம் என்று அவள் சொன்னது உண்மைதான், பதிவில் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி ஏறி ஒரே மாதிரி இறங்கியது. மூச்சு, பொருள் முடிகிற இடத்தில் இல்லாமல், தாளில் வரி முடிந்த இடத்தில் வாங்கியிருக்கிறேன். இது ஒரு நல்ல அடையாளம். மனப்பாடம் ஒலியாக மட்டும் ஏறியிருக்கிறதா, விஷயமாகவும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, பதிவை எடுத்து மூச்சு விடும் இடத்தை மட்டும் கவனித்தால் போதும்.

இன்னொரு தப்பு, திரும்பத் திரும்ப வாசித்ததையே மனப்பாடம் என்று நம்பியது. 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இதைப்பற்றியதுதான். மாணவர்களில் ஒரு குழு ஒரு பகுதியைத் திரும்ப வாசித்தது, இன்னொரு குழு அதை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதியவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். நான்காம் நாள் ராத்திரி எனக்கு வந்த "ஏறிவிட்டது" என்ற எண்ணம் அந்த ஐந்து நிமிடக் கணக்குதான். தாள் கண்முன்னால் இருக்கும்போது வருகிற பழக்கத்தை, தாள் இல்லாதபோதும் இருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் தாளைத் தூக்கி அலமாரியில் வைத்தேன். கிழிக்கவில்லை, பின்னால் அதற்கு ஒரு வேலை வந்தது.

தாள் இல்லாமல் கதையை மட்டும் மூன்று பேருக்குச் சொல்லிப் பார்த்தேன். மனைவிக்கு ஒரு தடவை, மகளுக்கு ஒரு தடவை, டீக்கடையில் தினமும் பார்க்கிற நண்பர் ஒருவருக்கு ஒரு தடவை. மூன்றையும் செல்போனில் பதிவு செய்தேன் (நண்பர் சிரித்தார், பரவாயில்லை). மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டபோது ஒன்று தெரிந்தது. பெரும்பாலான வாக்கியங்கள் மூன்றிலும் வேறு வேறாக இருந்தன, ஆனால் ஒரு பதினைந்து இருபது சொற்றொடர்கள் மட்டும் மூன்றிலும் அப்படியே வந்திருந்தன. யோசிக்காமல், யாரிடம் சொன்னாலும், என் வாய் தானாகப் போய் நிற்கிற இடங்கள் அவை. என் எழுத்துப் பிரதியில் அவற்றில் ஒன்றுகூட இல்லை! அப்போதுதான், பிரதியை வாயில் ஏற்றுவதை விட்டு, வாயில் ஏற்கெனவே இருப்பதைப் பிரதியாக்கினால் என்ன என்று தோன்றியது.

ஒரு வாக்கியத்தை மட்டும் காட்டுகிறேன். நான் எழுதிவைத்திருந்தது இது:

"கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியாற்றத் தொடங்கியிருந்த இருபத்தைந்து வயதினரான உ.வே.சா., அவ்வூருக்கு முன்சீபாக மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை 1880-ஆம் ஆண்டு சந்திக்கச் சென்றார்."

கண்ணால் வாசிக்க இதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் வாயால் சொல்லிப் பாருங்கள். தமிழில் வினை கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால் "தொடங்கியிருந்த", "வந்திருந்த" என்று பெயரெச்சத்தை அடுக்கிக்கொண்டே போனால், யார் என்ன செய்தார் என்பது கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது, அதுவரை முழுவதையும் பேசுகிறவன் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். நடுவில் ஒரு சொல் நழுவினால் வாக்கியத்தை முடிக்க வழியே கிடையாது. கேட்கிறவர்களுக்கும் அதே சுமைதான். நான் தடுமாறிய இடங்களைக் குறித்துப் பார்த்தேன், ஆறில் ஐந்து இடம் இப்படிப்பட்ட வாக்கியங்கள்தான்.

அதே விஷயம் மூன்று பதிவிலும் ஏறக்குறைய இப்படி வந்திருந்தது:

"அப்போ உ.வே.சா.வுக்கு இருபத்தஞ்சு வயசு. கும்பகோணம் காலேஜ்ல தமிழ் வாத்தியார். அந்த ஊருக்கு முன்சீப்பா ஒருத்தர் மாற்றலாகி வர்றார். சேலம் ராமசாமி முதலியார். சரி, போய்ப் பார்ப்போம்னு இவர் போறார்."

ஐந்து துண்டு. ஒவ்வொன்றும் தானே முடிந்துவிடுகிறது. ஒன்று மறந்தாலும் அடுத்ததைச் சொல்லலாம், முன்பின்னாக வந்தாலும் கதை கெடாது. "வர்றார்", "போறார்" என்று நிகழ்காலத்தில் வந்ததும் நான் திட்டமிட்டதில்லை, கதை சொல்லும்போது நம் எல்லோருக்கும் தானாக அப்படித்தான் வருகிறது. எழுதும்போது கை "சென்றார்" என்று திருத்திவிடுகிறது.

இதைக் கேட்டு எழுதி, பேச்சுத்தமிழில் ஒரு புதுப் பிரதி தயாரிக்கலாம் என்று அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அதுவும் சரிப்படவில்லை. "போய்க்கிட்டிருந்தப்பவே" மாதிரியான சொற்களைப் பேசும்போது ஒரு சிக்கலும் இல்லை, தாளில் பார்த்தால் கண் தடுக்குகிறது. நாம் அந்த வடிவத்தை வாசித்துப் பழகியவர்கள் இல்லை. ஆகவே எழுதுவதை நிறுத்திவிட்டு ஒலிப்பதிவையே பிரதியாக வைத்துக்கொண்டேன். தாளில் எழுதியது ஏழு தலைப்புச் சொல் மட்டும்: சந்திப்பு, படித்தவை, கைக்கு வந்த பிரதி, சமணர் வீடு, ஏடு தேடல், அச்சு, புறநானூறு.

ஏழு துண்டையும் மனதில் வரிசையாக நிறுத்துவதுதான் அடுத்த வேலை. ரோமானியப் பேச்சாளர்கள் ஒரு வீட்டின் அறைகளை நினைத்துக்கொண்டு அறைக்கு ஒரு விஷயமாக வைப்பார்கள் என்று படித்திருக்கிறேன், செய்தும் பார்த்தேன். எனக்கு ஒத்துவரவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது சமையலறையைத் தேடிப் போவதில் கவனம் சிதறுகிறது. அதைவிட நம்மிடம் இருக்கிற அந்தாதி எளிதாக இருந்தது. ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல்லாக வருமே, அதேதான். நூறு பாட்டை ஏடு இல்லாமல் வரிசை தப்பாமல் சொல்ல அது உதவுமென்றால் ஏழு துண்டுக்கு உதவாதா?

முதல் துண்டை, முதலியார் "என்ன படிச்சிருக்கீங்க?"ன்னு கேட்டார் என்று முடித்தேன். இரண்டாவது, "என்னதான் படிக்கல அவர்!" என்று தொடங்கும். அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்று உ.வே.சா. தான் படித்ததையெல்லாம் அடுக்கிச் சொல்ல, முதலியார் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அந்தத் துண்டு "சிந்தாமணி" என்ற சொல்லில் முடிகிறது, அடுத்தது அதே சொல்லில் தொடங்குகிறது. பிரதி கைக்கு வந்தது, ஆனால் உள்ளே இருக்கிற சமணக் கருத்துகள் "புரியல" என்று மூன்றாவது முடியும். "புரியாததை யார்கிட்டப் போய்க் கேட்கிறது?" என்று நான்காவது தொடங்கி, கும்பகோணத்தில் சமணர் வீடுகளுக்குப் போய் அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட கதைக்குள் போகும். இப்படி. இணைப்புச் சொல் இருக்கிற வரை துண்டுக்குள்ளே என்ன சொல்வது என்பதை நான் கட்டிவைக்கவில்லை, மூன்று நான்கு விவரம் விழுந்தால் சரி, எந்தச் சொல்லில் விழுந்தாலும் சரி.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் மட்டும் இணைப்பு எதுவும் அமையவில்லை. ஐந்தாவது, இப்படி ஏடு தேடி அலைந்தார் என்று பொதுவாக முடிந்தது. ஆறாவது 1887 என்று தொடங்கியது. வருடம்தான் இருக்கிறதே, அதுவே நினைவுக்கு வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் சுதந்திரமாக விடவும் முடியாது. சொல் பிசகாமல் வரவேண்டியவை நான்கு இருந்தன: முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், பெயர்களும் வருடங்களும், மேற்கோள் பாட்டு. முதல் வாக்கியம் ஏனென்றால், அந்த நேரத்தில் தலை வேலை செய்யாது, வாய் மட்டும்தான் வேலை செய்யும்.

வருடங்கள் என்னைப் பாடாய்ப் படுத்தின. சிந்தாமணி 1887, பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. தாளில் வரிசையாகத்தான் இருக்கிறது, வாயில் 1892-ம் 1894-ம் 1898-ம் இடம் மாறிக்கொண்டே இருந்தன. கடைசியில் மூன்றைத் தூக்கி எறிந்தேன். கேட்கிறவர்களுக்கு ஐந்து வருடம் எதற்கு? சிந்தாமணியும் புறநானூறும் போதும். மிச்சமிருந்ததையும் எண்ணாக வைக்காமல் வயதோடு கட்டினேன். அவர் பிறந்தது 1855. முதலியாரைப் பார்த்தபோது 25, சிந்தாமணி அச்சில் வந்தபோது 32. "ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஏழு வருஷம் ஆச்சு" என்று ஒரு வாக்கியம் அதிலிருந்தே கிடைத்தது, பேச்சிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அதுதான். வருடத்தை மறந்தாலும் வயதிலிருந்து கூட்டிக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ் என்ற அடுக்கும் முதலில் மாறி மாறி வந்தது. பட்டியல்கள் எப்போதுமே இப்படித்தான், எது முதலில் என்பதற்குக் கதையில் ஒரு காரணமும் இல்லை. அகர வரிசையில் வைத்தேன், அ, கோ, பி. ஆத்திசூடியை நாம் இன்னும் மறக்காமல் இருப்பதற்கு அந்த வரிசையும் ஒரு காரணம்தானே. அதன்பின் மாறவில்லை.

பாட்டு கடைசித் துண்டில் வருகிறது:

யாதும் ஊரே யாவரும் கேளிர்
தீதும் நன்றும் பிறர்தர வாரா
நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன
சாதலும் புதுவது அன்றே

முதல் வரி எல்லோருக்கும் தெரியும், அடுத்த மூன்றுதான் சோதனை. ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தை மட்டும் ஒரு சீட்டில் எழுதி (தீ ந பி வா, நோ த அ ர) அதைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன், இரண்டே நாளில் சீட்டும் தேவைப்படவில்லை. எழுத்துக்களை எழுதும்போதுதான் கவனித்தேன்: யாதும், தீதும் இரண்டிலும் இரண்டாம் எழுத்து "து", நோதலும், சாதலும் இரண்டிலும் "த". எதுகை அடுத்த வரியின் தொடக்கத்தைக் கையில் எடுத்துக் கொடுக்கிறது. உரைநடைக்கு அப்படி ஒரு பிடியும் கிடையாது, அதைப் பாட்டு போல மனப்பாடம் செய்யப் போனதுதான் முதல் ஐந்து நாள் செய்த முட்டாள்தனம்.

ஒன்பதாம் நாளிலிருந்து பயிற்சி. ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் இல்லை. தலைப்புச் சொல் எழுதிய சீட்டை அடுத்த அறையில் வைத்துவிடுவேன். சிக்கினால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் எழுந்து போகச் சோம்பல்பட்டே அரை நிமிடம் நின்று யோசிப்பேன், அந்த அரை நிமிடத்தில் பாதி நேரம் வந்துவிடும். அப்படி வந்தது அதன்பின் போகவில்லை. சீட்டு கையில் இருந்திருந்தால் இரண்டு நொடியில் பார்த்திருப்பேன், மறுநாளும் அதே இடத்தில் சிக்கியிருப்பேன்.

எப்போதும் முதலிலிருந்தே தொடங்கினால் முதல் துண்டு ஐம்பது தடவை சொல்லியிருப்போம், கடைசித் துண்டு பத்து தடவைதான் சொல்லியிருப்போம். அதனால் பின்னாலிருந்து வந்தேன். முதல் நாள் ஏழாவது மட்டும், அடுத்த நாள் ஆறும் ஏழும், அதற்கடுத்து ஐந்திலிருந்து என்று. பேசப் பேச பழக்கமான இடத்துக்குப் போகிறோம் என்ற தைரியம் வருகிறது.

மகளுக்கும் ஒரு வேலை கொடுத்தேன். எப்போது வேண்டுமானாலும் வந்து, "நாலு!" என்று சொல்லலாம், நான் நான்காவது துண்டைச் சொல்லவேண்டும். பல் தேய்க்கும்போதெல்லாம் வந்து கேட்டாள். அதில் ஒரு துண்டை இரண்டு தடவை ஒரே சொற்களில் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தால், மூன்றாம் தடவை வேண்டுமென்றே வேறு இடத்திலிருந்து தொடங்குவேன். ஏடு தேடிய கதையை ஒருநாள் அவர் பக்கமிருந்து சொல்வேன், ஒருநாள் ஏடு வைத்திருந்த வீட்டுக்காரர் பக்கமிருந்து. திரும்பத் திரும்பச் சொல்வதில் சொற்கள் இறுகிக்கொண்டே வரும், அது நாமே அறியாமல் நடக்கும், பதினான்காம் நாள் வாக்கில் என் மூன்றாவது துண்டு மறுபடி ராகம் போட ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாள் அதைத் தொடவேயில்லை. சரியாயிற்று.

பதினேழாம் நாள் ஒன்றும் செய்யவில்லை. முதல் வாக்கியத்தை மட்டும் குளிக்கும்போது சொல்லிக்கொண்டேன்.

அன்று முப்பது பேர் இருந்திருப்பார்கள். சீட்டு சட்டைப் பையில் இருந்தது. முதல் வாக்கியம் நினைத்தபடியே தானாக வந்தது. நான்காவது துண்டில், சமணர் வீட்டுக்கு அவர் போகிற இடத்தில், முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "தம்பி, அந்த வீடு எந்தத் தெரு?" என்றார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன், சிரித்தார்கள், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். சார்ஜருக்குப் போனது தெருவுக்குப் போகவில்லை.

ஐந்தாவது முடிந்தது. அலைந்தார் என்றேன். அப்புறம் ஒன்றுமில்லை. 1887 எங்கே போயிற்றோ தெரியாது. தண்ணீர் குடித்தேன். "அலைஞ்சார்" என்று இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னேன், பிடிக்க அதில் ஒன்றும் இல்லையே. பைக்குள் கை போனது. எடுத்திருக்கலாம், தப்பில்லை, ஆனால் அதற்குள் ஏழாவது துண்டின் தலை வந்துவிட்டது, பின்னாலிருந்து பழகியதன் பலன். புறநானூற்றைப் பற்றி இரண்டு வாக்கியம் பேசியவுடன் அச்சுச் செலவுக்குப் பணம் தருவதாகப் பலரிடம் அவர் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தது நினைவுக்கு வந்தது. "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்று பின்னால் போய் ஆறாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஏழு வருட வாக்கியம் அதில் போய்விட்டது, அதுதான் வருத்தம். மொத்தம் எட்டரை நிமிடம். தனியாகச் சொல்லும்போது பத்து வந்தது, ஆள் முன்னால் வேகம் கூடுகிறது.

இப்போது ஐந்தாவதைத் திருத்திவிட்டேன். "கையில ஏடு சேர்ந்தது, காசு சேரல" என்று முடியும், ஆறாவது "காசுக்கு என்ன பண்றது?" என்று தொடங்கும். அடுத்த மாதம் இதே பேச்சை இன்னொரு ஊரில் கேட்டிருக்கிறார்கள், அங்கே பார்க்கவேண்டும்.

கூட்டம் முடிந்து நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தபோது நூலகர் வந்து, "சார், ஆண்டு மலர்ல போடணும், பேச்சோட எழுத்துப் பிரதி இருக்குமா?" என்றார். ஆறாம் நாள் அலமாரியில் வைத்த அந்தத் தாளை மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி அங்கேயே நின்று வாசித்துப் பார்த்துவிட்டு, நேற்றைவிட நன்றாக இருக்கிறது என்றார்.